லோடு வண்டி யார் பெயரில்? மீன் வியாபாரிக்கு ஒரு வரி, கடன் வழிகாட்டி

போன ஆனி மாதம், தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில், பாம்பனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மச்சான் மச்சான் உறவு. இருவரும் சேர்ந்து கூட்டு நிறுவனமாக மீன் வாங்கி, ஐஸ் போட்டு, மதுரைக்கு அனுப்புகிறார்கள். இதுவரை வாடகை வண்டி. இனிமேல் சொந்தமாக ஒரு பிக்கப் எடுக்கலாம் என்று முடிவு. மூத்தவர் கையில் ஷோரூம் கொடுத்த விலைச் சீட்டு இருந்தது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

"சார், கம்பெனி பேர்ல எடுத்தா ஜிஎஸ்டி திரும்ப வரும், வரியும் மூணுல ஒரு பங்கு மிச்சம்னு ஷோரூம்ல சொல்றாங்க. இவன் பேர்ல எடுத்தா கடன் சீக்கிரம் கிடைக்குமாம். எதைச் செய்ய?"

ராமநாதபுரத்தில் உட்கார்ந்து கடற்கரை வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் எனக்கு இந்தக் கேள்வி வருடத்துக்குப் பத்து முறையாவது வரும். ஷோரூமில் சொன்னதில் பாதி இவர்களுக்குப் பொருந்தாது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நீங்களும் மீன், நண்டு, இறால் வியாபாரி என்றால் உங்கள் கணக்கை இதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: பான் கார்டின் நான்காவது எழுத்து

நிறுவனத்தின் பெயரா, சொந்தப் பெயரா என்று யோசிப்பதற்கு முன் அப்படி இரண்டு பெயர்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வியாபாரத்துக்கு எந்தப் பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அதில் நான்காவது எழுத்து P என்றால் அது தனி நபர். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கலாம், நடப்புக் கணக்கு இருக்கலாம், ரசீதுப் புத்தகம் அச்சடித்திருக்கலாம். வரிச் சட்டத்தின் பார்வையில் கடையும் நீங்களும் ஒரே ஆள்தான். ஆர்.சி.யில் எந்தப் பெயரை எழுதினாலும் சொந்தக்காரர் நீங்களே. வண்டியை வியாபாரக் கணக்கில் சொத்தாகக் காட்டுகிறீர்களா, எவ்வளவு வியாபாரத்துக்கு ஓட்டுகிறீர்கள் என்பது மட்டுமே கேள்வி.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் வருமானம் 12 லட்சம் வரை இருக்கும் தனி நபருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. வருடம் 8 லட்சம் லாபம் பார்க்கும் தனி வியாபாரி வண்டித் தேய்மானமாக ஒன்றரை லட்சம் காட்டினால் எவ்வளவு வரி மிச்சம்? பூஜ்யம். இல்லாத வரியைக் குறைக்க முடியாது. அவர் கடன் எங்கே மலிவு என்பதை மட்டும் பார்த்தால் போதும். இந்தக் கட்டுரையில் கடன், காப்பீடு பற்றிய பகுதிகளுக்கு நேராகப் போய்விடலாம்.

நான்காவது எழுத்து F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. அப்போதுதான் இரண்டு தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். பாம்பன் மச்சான்மார்களின் பான் எண்ணில் F. கூட்டு நிறுவனத்துக்குத் தனி நபர் மாதிரி 12 லட்சம் சலுகை கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். ஆகவே இவர்கள் விஷயத்தில் பெயர் முக்கியம்தான்.

இரண்டாம் படி: ஜிஎஸ்டி திரும்ப வருமா?

இவர்களுக்கு வராது. லோடு வண்டிக்கு இப்போது 18 சதவீத ஜிஎஸ்டி. சரக்கு ஏற்றும் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், காருக்கு எடுக்க முடியாது என்பது பொதுவான விதி. ஷோரூமில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வரவு எடுக்க வேண்டுமானால் நீங்கள் விற்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி இருக்க வேண்டும். புது மீனும் ஐஸில் வைத்த மீனும் விலக்குப் பெற்ற பொருள். விற்பனையில் வரி வசூலிக்காதவருக்கு, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள இடமில்லை. அப்படிப்பட்ட மீனை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவே எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே ஷோரூம் சீட்டில் தனியாக எழுதியிருந்த ஜிஎஸ்டி தொகையை மனதிலிருந்து அடித்துவிடச் சொன்னேன். ஒரே ஆறுதல், அந்த வரியும் வண்டியின் அடக்கவிலையில் சேரும். அதன்மேலும் தேய்மானம் கிடைக்கும். ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர், வலையும் கயிறும் விற்பவர் கதை வேறு. அவர்கள் விற்பனையில் வரி இருக்கிறது. அவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கும் பெயரிலேயே லோடு வண்டி வாங்குவது நேரடி லாபம்.

மூன்றாம் படி: எந்த முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறீர்கள்?

நம் ஊரில் நிறைய பேர் 44ஏடி என்ற உத்தேச லாப முறையில் தாக்கல் செய்கிறார்கள். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. சாரம் மாறவில்லை, ஆடிட்டர் வாயிலும் என் வாயிலும் பழைய எண்தான் இன்னும் வருகிறது.) விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் மேற்கொண்டு கணக்குப் புத்தகம் வேண்டாம்.

வசதிதான். ஆனால் அந்த 6 சதவீதத்துக்குள் தேய்மானம், வட்டி, டீசல் எல்லாம் ஏற்கெனவே கழிந்ததாகச் சட்டம் வைத்துக்கொள்கிறது. நிறுவனத்தின் பெயரில் வண்டி வாங்கினாலும் ஒரு பைசா கூடுதலாகக் கழிக்க முடியாது. அதைவிட மோசம், நீங்கள் கழிக்காவிட்டாலும் தேய்மானம் கழித்ததாகவே வைத்து வண்டியின் புத்தக மதிப்பு வருடா வருடம் குறைந்துகொண்டு வரும். கூட்டு நிறுவனமாக இருந்து 44ஏடியில் போனால் பங்குதாரர் சம்பளத்தையும் கழிக்க முடியாது.

நம் மச்சான்மார்கள் ஒருமுறையும் 44ஏடியில் போனதில்லை, முறையான கணக்கு எழுதுகிறார்கள். இது நல்லது. ஏற்கெனவே அதில் இருப்பவர் வண்டிக்காக அவசரப்பட்டு வெளியே வர வேண்டாம். வெளியேறினால் அடுத்த ஐந்து வருடம் திரும்ப உள்ளே போக முடியாது. தணிக்கையும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் படி: உண்மையான மிச்சம் எவ்வளவு?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும்.

இவர்களின் வருட விற்பனை சுமார் 90 லட்சம். வண்டி வாங்குவதற்கு முன், பங்குதாரர் சம்பளம் கழிப்பதற்கு முன், லாபம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டு நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் செலவாகக் கழிக்க ஒரு வரம்பு உண்டு. லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 60 சதவீதம். இவர்களுக்கு 5 லட்சத்து 40 ஆயிரமும் 1 லட்சத்து 80 ஆயிரமும் சேர்ந்து 7 லட்சத்து 20 ஆயிரம். மீதி 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு நிறுவனம் கட்டும் வரி 56,160 ரூபாய். சம்பளம் ஆளுக்குப் பாதி. இருவரும் 12 லட்சத்துக்கு எங்கோ கீழே இருப்பதால் கையில் வரி இல்லை. (கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் சம்பளத்தைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இந்தச் சம்பளத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தாக்கல் செய்தால் அது பங்குதாரருக்குத் திரும்பி வரும்.)

இப்போது வண்டி. அடக்கவிலை 10 லட்சம், கடன் 8 லட்சம், 10 சதவீத வட்டி, 5 வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 17,000. முதல் 12 மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 74,000. தன் சரக்கை ஏற்றும் வண்டிக்குத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 1 லட்சத்து 50 ஆயிரம். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்குத்தான் 30 சதவீதம். தன் மீனை மட்டும் ஏற்றுபவர் அதைக் கேட்டால் கேள்வி வரும். ஆக இரண்டும் சேர்ந்து 2 லட்சத்து 24 ஆயிரம்.

நிறுவனத்தின் பெயரில் எடுத்தால் இதில் 31.2 சதவீதம், சுமார் 70,000 ரூபாய் மிச்சம் என்று ஷோரூமில் சொன்னார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லாபம் 9 லட்சத்திலிருந்து 6 லட்சத்து 76 ஆயிரமாகக் குறைகிறது. லாபம் குறைந்ததால் கழிக்கக்கூடிய சம்பள வரம்பும் 5 லட்சத்து 85 ஆயிரத்து 600 ஆகக் குறைகிறது. வரிக்கு உட்படும் மீதி 90,400. வரி 28,205. முன்பு 56,160. மிச்சம் ஏறக்குறைய 28,000 ரூபாய்.

எழுபதாயிரம் எங்கே போனது? அந்த 9 லட்சத்தில் 6 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதியில் நூற்றுக்கு அறுபது ரூபாய் ஏற்கெனவே சம்பளமாக வெளியே போய், வரி இல்லாமல் பங்குதாரர் கையில் விழுந்துகொண்டிருந்தது. நூற்றுக்கு நாற்பதுதான் நிறுவனத்தில் வரிக்கு மாட்டியது. வண்டிச் செலவு காப்பாற்றுவது அந்த நாற்பதை மட்டும். ஆடிட்டர்களே சில நேரம் இதைச் சொல்லாமல் 31.2-ஐப் பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் கூட்டு நிறுவனம் சம்பளத்தை முழு வரம்பு வரை எடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எடுக்கிறது, லாபமும் 6 லட்சத்துக்கு மேல் நிற்கிறது என்றால் யார் சொல்லும் மிச்சத்தையும் ஐந்தில் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மாற்று வழி: ஒருவர் பெயரில் வாங்கி நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுவது

இளையவர் கேட்டார்: "அப்ப என் பேர்ல எடுத்து நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுத்தா?"

நல்ல கேள்வி. மாதம் 25,000 வாடகை என்று வைப்போம். வருடம் 3 லட்சம். நிறுவனத்துக்கு அது முழுச் செலவு. லாபம் 6 லட்சமாகிறது, சம்பளம் 5 லட்சத்து 40 ஆயிரம், மீதி 60,000, வரி 18,720. மிச்சம் 37,440. நிறுவனப் பெயரில் எடுத்ததைவிட ஏறக்குறைய 9,500 ரூபாய் கூடுதல்.

இளையவர் கையில் வரும் வாடகைக்கு வரி? சரக்கு வண்டியை வாடகைக்கு விடுபவர்களுக்கு 44ஏஇ என்றொரு உத்தேச முறை இருக்கிறது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவருக்குச் சிறிய சரக்கு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 வருமானம் என்று காட்டினால் போதும் (உண்மையில் அதிகமாகச் சம்பாதித்ததாக நீங்களே சொன்னால் அந்தத் தொகை). வருடம் 90,000. அவருடைய பங்குச் சம்பளம் 2 லட்சத்து 70 ஆயிரத்தோடு சேர்த்தால் 3 லட்சத்து 60 ஆயிரம். வரி இல்லை. வாடகையிலிருந்து 17,000 தவணை போக மாதம் 8,000 காப்பீட்டுக்கும் டயருக்கும் நிற்கும்.

ஆனால் இது ஒழுங்காக நடக்க மூன்று விஷயம் வேண்டும். எழுத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம். வெளி ஆளிடம் அதே மாதிரி வண்டி எடுத்தால் ஆகும் வாடகையை ஒட்டிய தொகை. நெருங்கிய உறவுக்கு அதிகம் கொடுத்தால் அதிகப்படியைச் செலவாக ஏற்க மாட்டார்கள். மூன்றாவது, வாடகை மாதா மாதம் வங்கி வழியாகப் போக வேண்டும். மாத வாடகை 50,000-க்குள் இருப்பதால் வாடகைக்கான டி.டி.எஸ். தொல்லை இல்லை. இளையவரின் சேவை வருமானம் 20 லட்சத்துக்குள் இருப்பதால் அவருக்கு ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம்.

இந்த இரண்டு வழிக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் எனக்கு அதிகம் வந்து சேரும் சிக்கல் அதுதான். ஆர்.சி. ஒருவர் பெயரில், கடன் அவர் பெயரில், தவணை மட்டும் நிறுவனத்தின் நடப்புக் கணக்கிலிருந்து. வாடகை ஒப்பந்தம் கிடையாது. இப்படிப் போனால் நிறுவனம் கட்டிய தவணை எல்லாம் பங்குதாரர் எடுத்துக்கொண்ட பணமாகத்தான் பார்க்கப்படும். டீசலும் ஓட்டுநர் கூலியும் வியாபாரச் செலவாக நிற்கும்; வட்டியும் தேய்மானமும் நிற்பது சந்தேகம். ஆர்.சி.யில் உள்ள பெயர் மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது என்று 2013-இல் ஐசிடிஎஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுவனப் பணத்தில் வாங்கி நிறுவனக் கணக்கில் சொத்தாகக் காட்டியிருந்தால் வாதாடலாம். ஆனால் 28,000 ரூபாய்க்காக யார் மேல்முறையீட்டுக்குப் போவது? தொண்டிப் பக்கத்து ஒருவருக்கு இதைச் சரிசெய்ய மூன்று வருட வங்கிப் புத்தகத்தை வரி வரியாகப் புரட்டினேன். நல்ல மனிதர், மீன் குழம்பு கொடுத்தார். இருந்தாலும் மறுபடி செய்ய எனக்கு மனமில்லை.

ஐந்தாம் படி: கடன்

கூட்டு நிறுவனத்துக்குக் கடன் கேட்டால் ஒப்பந்தப் பத்திரம், பதிவுச் சான்று, நிறுவனத்தின் பான், இரண்டு மூன்று வருட வரித் தாக்கல், நடப்புக் கணக்கு விவரம், இரு பங்குதாரரின் உத்தரவாதம் எல்லாம் கேட்பார்கள். பங்குதாரர் சம்பளம் எடுத்து நிறுவன லாபத்தைச் சுருக்கி வைத்திருந்தால் தாளில் நிறுவனம் மெலிந்து தெரியும். அப்போது சம்பளத்தையும் தேய்மானத்தையும் கூட்டிப் பார்க்கும்படி கேளுங்கள். விவரம் தெரிந்த அதிகாரி தானாகவே பார்ப்பார்.

தனி நபர் பெயரில் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும், சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தால். ஆனால் அந்த 17,000 தவணை அவருடைய தலையில் ஐந்து வருடம் நிற்கும். இளையவர் உச்சிப்புளியில் வீடு கட்ட யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது மாத வருமானத்தில் எவ்வளவு ஏற்கெனவே தவணைக்குப் போகிறது என்பதைத்தான். நிறுவனக் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டாலும் அது அவர் கடன் அறிக்கையில் தெரியும். ஆனால் கட்டுவது நிறுவனம் என்று வங்கிப் புத்தகத்தைக் காட்டி விளக்க இடம் இருக்கிறது.

"நிறுவனப் பெயரில் எடுத்தால் நஷ்டம் வந்தாலும் நம் சொத்துக்கு ஆபத்து இல்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பெனிக்கு அது ஓரளவு சரி. கூட்டு நிறுவனத்துக்கு இல்லவே இல்லை. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுமையாகப் பொறுப்பு. அந்தக் காரணத்துக்காக மட்டும் பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வட்டி விகிதத்தை இரண்டு பெயரிலும் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். மேலே சொன்ன 8 லட்சத்துக்கு 10 சதவீதமும் 12 சதவீதமும் தவணையில் 800 ரூபாய்தான் வித்தியாசம் காட்டும். 60 மாதத்துக்கு அது 48,000 ரூபாய், வருடம் 9,600. வாடகை வழியில் கிடைக்கும் கூடுதல் வரி மிச்சமும் கிட்டத்தட்ட அதே தொகை. நிறுவனம் புதியது, வங்கி 2 சதவீதம் கூடக் கேட்கிறது என்றால் அதுவே தராசைச் சாய்த்துவிடும்.

இன்னொன்று நம் கரைக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வண்டி நிறைய வராது. தவணை மட்டும் தவறாமல் வரும். அந்த இரண்டு மாதத் தவணையைக் குறைத்து மற்ற மாதங்களில் பரப்பிக் கொடுக்க முடியுமா என்று ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அது கடன் மறுசீரமைப்பு ஆகிவிடும். கடன் அறிக்கையில் கறை.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் விதம்

மீன் வியாபாரியிடம் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்பது பொது விதி. கடற்கரையில் மீனவரிடம் நேரடியாக மீன் வாங்கும்போது இதற்கு விலக்கு உண்டு. கரையில் மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவத் தலைவரிடம் வாங்குவதும் அந்த விலக்கில் வரும் என்று வருமான வரி வாரியம் 2008-இல் சுற்றறிக்கையே விட்டது. அதனால் ஏலத்தில் ரொக்கம் எண்ணிப் பழகிய கை, ஷோரூமிலும் ரொக்கத்தை எண்ணிவிடுகிறது.

வண்டிக்கு அந்த விலக்கு இல்லை. 2 லட்சம் முன்பணத்தில் 1 லட்சத்து 90 ஆயிரத்தை ரொக்கமாகக் கொடுத்தால் (2 லட்சத்தை ஷோரூமே வாங்கக் கூடாது) அந்தத் தொகை அடக்கவிலையிலேயே சேராது. பத்து லட்ச வண்டிக்கு 8 லட்சத்து 10 ஆயிரத்துக்குத்தான் தேய்மானம். முதல் வருடமே 28,500 ரூபாய் தேய்மானம் போச்சு. முன்பணம், காப்பீடு, பாடி கட்டும் செலவு எல்லாவற்றையும் வண்டி யார் பெயரிலோ அவர் வங்கிக் கணக்கிலிருந்தே கொடுங்கள்.

பெயர் விலைச் சீட்டிலேயே சரியாக இருக்க வேண்டும். விலைச் சீட்டில் உள்ள பெயரில்தான் வங்கி பணத்தை விடுவிக்கும், அதே பெயரில்தான் பில், அதே பெயரில்தான் ஆர்.சி. பிறகு மாற்ற வேண்டுமானால் வங்கியின் சம்மதம், பெயர் மாற்றக் கட்டணம், காப்பீட்டு மாற்றம் என்று அலைச்சல். எப்போது ஓட்ட ஆரம்பிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மார்ச் 31-க்குள் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அந்த வருடம் பாதித் தேய்மானம்தான். தடை முடிந்து ஜூனில் எடுத்தால் முழுசாகக் கிடைக்கும். தீபாவளிச் சலுகைக்குக் காத்திருந்தால் பெரும்பாலும் பாதிதான்.

ஏழாம் படி: காப்பீடு, போர்டு

சொந்தப் பெயரில் எடுத்தால் வெள்ளை போர்டு போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சரக்கு வண்டி யார் பெயரில் இருந்தாலும் மஞ்சள் போர்டுதான். சொந்தக் காரின் பின்சீட்டை மடக்கி ஐஸ் பெட்டி ஏற்றி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் தனியார் கார் காப்பீட்டை வைத்துக்கொண்டு வியாபாரச் சரக்கு ஏற்றியதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

பெயரால் உண்மையில் மாறுவது ஒன்று. தனி நபர் வண்டி என்றால் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அந்தப் பாலிசியோடு வரும், அவரிடம் உரிமம் இருந்தால். நிறுவனத்தின் பெயரில் உள்ள வண்டிக்கு அந்தப் பிரிவே கிடையாது. நிறுவனம் வண்டி ஓட்டாதே. விடியற்காலை மூன்று மணிக்குப் பாம்பன் பாலம் ஏறி, பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைச் சந்தைக்கு இளையவரே ஓட்டிக்கொண்டு போகிறார். அவருக்கு ஒன்றும் இல்லை. நிறுவனப் பெயரில் எடுப்பதாக இருந்தால் ஓட்டும் பங்குதாரருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும், சம்பள ஓட்டுநருக்கான பிரிவையும் சேர்க்க வேண்டும். முகவர் தானாகச் சொல்வது அபூர்வம்.

விற்கும் நாள்

வாங்கும் அன்றே விற்கும் நாளை நினைக்க வேண்டிய ஊர் நம்முடையது. உப்புக் காற்று ஒரு பக்கம், பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் ஒரு பக்கம். ஐந்து வருட மீன் வண்டியின் தளத்தைச் சுத்தியலால் தட்டினால் தகரம் உதிரும். 15 சதவீதத் தேய்மானத்தில் ஐந்து வருடம் கழித்துப் புத்தக மதிப்பு ஏறக்குறைய 4 லட்சத்து 44 ஆயிரம் நிற்கும். வாங்க வருபவர் 3 லட்சத்துக்கு மேல் தரவில்லை என்று வையுங்கள்.

அந்த 1 லட்சத்து 44 ஆயிரம் நஷ்டத்தை மீன் லாபத்தில் கழிக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முடியாது. அந்த வகைச் சொத்தில் கடைசியாக இருந்ததும் அந்த வண்டிதான் என்றால் அது மூலதன நஷ்டம் ஆகிவிடும்; எட்டு வருடம் தூக்கிக்கொண்டு நடக்கலாம், நிலமோ வேறு சொத்தோ விற்று லாபம் வந்தால் ஒழிய உதவாது. ஆனால் 15 சதவீதத் தேய்மான வகையில் வேறு ஏதாவது நிறுவனக் கணக்கில் இருந்தால், ஒரு டீப் ஃப்ரீசரோ மின்தராசோ ஜெனரேட்டரோ, மீதி மதிப்பு அதோடு சேர்ந்து தொடர்ந்து தேய்ந்துகொண்டே வரும். அதே நிதியாண்டுக்குள் அடுத்த வண்டியை வாங்கினாலும் சரிதான். மார்ச்சில் விற்று ஏப்ரலில் வாங்கினால் சிக்கல்.

பாம்பன்காரர்களுக்கு வங்கி இரண்டு பெயருக்கும் ஒரே வட்டி சொன்னது. முன்பணம் இருவர் பங்கிலிருந்தும் போகிறது, வண்டி இருவருக்கும் ஓடுகிறது, இளையவருக்கு வீட்டுக் கடன் வேண்டும். வருடம் 9,500 ரூபாய்க்காக ஒருவர் பெயரில் எழுதி, நாளைக்கு வண்டி யாருடையது என்று வீட்டுப் பெண்கள் வரை பேச்சு வளர வேண்டாம் என்பது என் யோசனை. ஒருவரே முதல் போட்டு ஒருவரே ஓட்டியிருந்தால் வாடகை வழியைச் சொல்லியிருப்பேன். மூத்தவர் விலைச் சீட்டில் நிறுவனத்தின் பெயரை எழுதினார். இளையவர், "அந்த விபத்துக் காப்பீடு பாலிசியை இன்னைக்கே போட்டுருங்க சார்," என்றார். ஐஸ் பெட்டி ஒன்றை ரொக்கத்தில் வாங்க மூத்தவர் பையைத் திறந்தபோது, செக் புத்தகத்தை எடுங்கள் அண்ணே என்று சொல்ல வேண்டியிருந்தது.